ரசத்தின் ருசி மூக்கில் இருக்கிறது

“என்னடி ரசம் வெச்சிருக்க? புளித்தண்ணியில உப்பப் போட்டுச் சுட வெச்ச மாதிரி இருக்கு.”

சென்ற மாசி மாதத்தில் ஒரு மதியம் அம்மா இப்படிச் சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அன்றைய ரசத்தில் எந்தக் குறையும் இல்லை. மிளகும் சீரகமும் அப்போதுதான் அம்மியில் தட்டியது. நெய்யில் கடுகு தாளித்து, பெருங்காயம் கரைத்து, கொத்தமல்லித் தழை கிள்ளிப் போட்டு நுரை கட்டும்போது இறக்கியது. மூன்று வாரத்துக்கு முன் அம்மாவுக்குச் சளி பிடித்திருந்தது. இரண்டு நாள் காய்ச்சல், ஒரு வாரம் மூக்கடைப்பு, அதோடு சரியாகிவிட்டது. மூச்சு தாராளமாகப் போய் வந்தது. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. கேட்டால், “நாக்கு செத்துப் போச்சு” என்பார்.

நாங்களும் நாக்கைத்தான் கவனித்தோம். வழித்தோம், இஞ்சிச் சாறு கொடுத்தோம், ஊறுகாயை மாற்றினோம். அம்மா தன் பங்குக்கு எல்லாவற்றிலும் உப்பைக் கூட்டிக்கொண்டார். அவர் ரசத்தைப் பற்றிச் சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்தை அன்றே காது கொடுத்துக் கேட்டிருந்தால், ஒன்றரை மாதம் வீணாகியிருக்காது. புளிப்பு தெரிகிறது, உப்பு தெரிகிறது, சூடு தெரிகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். நாக்கு செய்ய வேண்டிய வேலை எல்லாமே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. நின்று போனது மூக்கின் வேலை.

இதை உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பெட்டிக்கடையில் ஆரஞ்சு, மாம்பழம், அன்னாசி என்று இரண்டு மூன்று வகை மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணை மூடி, மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையாவது ஒன்றை வாயில் போடச் சொல்லுங்கள். மெல்லுங்கள். இனிப்பு தெரியும், கொஞ்சம் புளிப்பும் தெரியலாம். எந்தப் பழம் என்று மட்டும் சொல்ல முடியாது. இப்போது விரலை எடுத்துவிட்டு மூச்சை வெளியே விடுங்கள். அந்த ஒரு மூச்சிலேயே வாய் முழுக்க மாம்பழம் நிறையும். மிட்டாய் அப்போதும் நாக்கின் மேல்தான் கிடக்கிறது, நீங்கள் எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. அப்படியானால் அந்த மாம்பழம் எங்கிருந்து வந்தது?

தொண்டையின் பின்பக்கத்திலிருந்து வந்தது. வாயும் மூக்கும் உள்ளே ஒரே கூடத்தில் போய்ச் சேரும் இரண்டு வாசல்கள். தண்ணீர் குடிக்கும்போது யாராவது சிரிக்க வைத்தால் அது மூக்கு வழியாக வருகிறதே, அந்த வழிதான். உணவை மெல்லும்போது அதிலுள்ள வாசனைப் பொருள்கள் ஆவியாகி வாய்க்குள் நிறைகின்றன. விழுங்கும் கணத்தில் உள்நாக்குப் பக்கத்து மென்மையான அண்ணம் மேலெழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைத்துக்கொள்கிறது. விழுங்கி முடித்ததும் அது திறக்க, நாம் தன்னையறியாமல் ஒரு சின்ன மூச்சை வெளியே விடுகிறோம். அந்த மூச்சு உணவின் ஆவியைத் தொண்டையிலிருந்து மேலே தள்ளிக்கொண்டு போய் மூக்கின் கூரையில் சேர்க்கிறது. பூவை முகரும்போது வாசனை முன்வாசல் வழியாகப் போகிறது. சாப்பிடும்போது அது கொல்லைப்புற வழியாக வருகிறது.

கொல்லைப்புறமாக வரும் இந்த வாசனையை மூளை ‘மூக்கில் இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்வதில்லை. உணவு நாக்கில் படுகிறது, பல்லில் நெரிபடுகிறது, சூடாக இருக்கிறது. ஆகவே மணமும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று அதையும் வாயின் கணக்கில் எழுதிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் 1982-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். ஒரே புலன், வெளியுலகத்துக்கு ஒரு முகமும் வாய்க்கு ஒரு முகமுமாக, இரண்டு வேலை பார்க்கிறது என்றார். மணம் போனவர்கள் மூக்கைச் சொல்லாமல் நாக்கைக் குறை சொல்வதற்கு இதுவே காரணம். அம்மாவும் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே வாயில்தான் ஏதோ காணாமல் போனது போல் இருந்தது. ருசி போய்விட்டது என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் வருகிறவர்களைச் சோதித்தால், பெரும்பாலானவர்களுக்கு நாக்கு நன்றாகவே இருக்கும்.

உண்மையில் நாக்குக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அதோடு உமாமி. தக்காளியிலும் காளானிலும் கருவாட்டிலும் உள்ள அந்தக் கனமான சாற்றுச் சுவைக்குத்தான் உமாமி என்று பெயர்; ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெதா 1908-இல் கடற்பாசிச் சாற்றில் அதைக் கண்டறிந்து பெயரிட்டார். நாம் அறுசுவை என்கிறோமே, அதில் மீதமுள்ள கார்ப்பும் துவர்ப்பும் எங்கே என்று கேட்கலாம். காரம் என்பது முகத்துக்கும் வாய்க்கும் தொடுகை, வலி, வெப்பத்தை உணர்த்தும் முக்கிளை நரம்பின் வேலை. மிளகாய் பட்டால் வாய் எரிவதும், புதினா பட்டால் குளிர்வதும் அந்த நரம்பால்தான். துவர்ப்பு, பாக்கு மென்றால் வாய்த் தோலில் ஏற்படும் இழுப்பு.

ஆக, மூக்கு முற்றிலும் செயலிழந்தாலும் அறுசுவையில் ஒன்றுகூடக் குறைவதில்லை. ஆறும் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் சாப்பாடு சப்பென்று ஆகிவிடுகிறது. ஏனென்றால் ஒரு உணவை இன்ன உணவு என்று அடையாளம் காட்டுவது இந்த ஆறும் அல்ல.

அந்த ரசத்தையே எடுத்துக்கொள்வோம். புளியில் உள்ள அமிலம் நாக்குக்கு, உப்பு நாக்குக்கு, தக்காளியின் உமாமி நாக்குக்கு. மிளகின் உறைப்பு முக்கிளை நரம்புக்கு. இவை நான்கும் அம்மாவுக்குக் கிடைத்தன. சீரகத்துக்குச் சீரகம் என்ற குணத்தைத் தருவது குமினால்டிஹைடு என்ற ஆவியாகும் பொருள். அது மூக்குக்கு மட்டுமே தெரியும். பெருங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள், கறிவேப்பிலையின் எண்ணெய், தட்டிய பூண்டு, கொத்தமல்லித் தழை, நெய்யின் மணம் எல்லாமே ஆவி. மிளகில்கூட உறைப்பு ஒன்று, வாசம் ஒன்று. உறைப்பு வாய்க்கு, வாசம் மூக்குக்கு. ரசம் வைப்பதில் கைப்பக்குவம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதாவது எப்போது தாளிப்பது, எப்போது தழை போடுவது, நுரை கட்டியதும் கொதிக்க விடாமல் இறக்குவது, அதெல்லாம் பெரும்பாலும் இந்த ஆவியைப் பிடித்து வைக்கும் வேலைதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உப்புப் போட்டுச் சுட வைத்த புளித்தண்ணீர். அம்மா ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

உணவின் ருசியில் எண்பது சதவீதம் மூக்கு, தொண்ணூறு சதவீதம் மூக்கு என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அந்த எண்களை நான் நம்புவதில்லை. மணத்தையும் சுவையையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க முடியாது. உப்பில்லாத பண்டத்துக்கு எவ்வளவு மணம் இருந்தாலும் குப்பைதான். இரண்டும் மூளையில் ஓரிடத்தில் கலக்கும்போதுதான் ‘ரசம்’ பிறக்கிறது. கண்குழிக்குச் சற்று மேலே, நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி அது. பிடிக்கிறது, பிடிக்கவில்லை, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற தீர்ப்புகளும் அங்கேதான் உருவாகின்றன.

சளி இந்த வழியை இரண்டு விதமாகக் கெடுக்கும். இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதல் விதம் வெறும் அடைப்பு. மூக்கின் உட்கூரையில், இரு பக்கமும் ஒரு தபால் தலை அளவுக்குத்தான் மணம் அறியும் சவ்வு இருக்கிறது. அதற்குப் போகும் இடுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமே. சளி பிடித்தால் சவ்வு வீங்கி அந்த இடுக்கு மூடிக்கொள்கிறது. முன்வாசலும் அடைப்பு, கொல்லைப்புறமும் அடைப்பு. சளி இறங்கியதும் இது தானாகச் சரியாகும். ஒரு வாரம், பத்து நாள். எல்லோரும் வாழ்க்கையில் பலமுறை கடந்து வந்தது இது.

இரண்டாவது விதத்தில் வழி திறந்திருக்கும், ஆள் இருக்காது. அந்தச் சிறிய சவ்வில் இலட்சக்கணக்கான நரம்பு செல்கள் தங்கள் நுண்ணிய முடிகளைச் சளிப்படலத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மனிதர்களுக்கு இவற்றில் சுமார் 400 வகை வாங்கிகள் உண்டு. ஒவ்வொரு வாசனையும் அந்த நானூறில் தனக்கென ஒரு கூட்டத்தைத் தட்டி எழுப்புகிறது. எந்தெந்த வாங்கிகள் ஒன்றாக எழுந்தன என்பதை வைத்து மூளை சீரகமா சோம்பா என்று பிரித்தறிகிறது. இந்த வாங்கிகளின் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-இல் வெளிப்படுத்தினார்கள். 2004-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. உடம்பின் மற்ற நரம்புகள் தோலுக்கும் எலும்புக்கும் பின்னால் பத்திரமாக இருக்க, இவை மட்டும் நேரடியாகக் காற்றில் நிற்கின்றன. ஆகவே சளிக் கிருமி இவற்றையும் இவற்றைத் தாங்கி ஊட்டும் துணைச் செல்களையும் எளிதில் தாக்குகிறது.

2020-இல் கொரோனா வந்தபோது மூக்கடைப்பே இல்லாமல் திடீரென்று மணம் போனதாக உலகம் முழுக்க மக்கள் சொன்னதும் இதனால்தான். அந்தக் கிருமி முதன்மையாகத் துணைச் செல்களையே பிடித்தது என்று பின்னர் தெரிய வந்தது. காவலாள் உயிரோடிருந்தும் சோறு போடுபவர் போய்விட்டால் காவல் நிற்காது. சாதாரணச் சளியைக் கொண்டுவரும் ரைனோ வைரஸ், இன்ஃப்ளுயென்சா போன்றவையும் சிலருக்கு இதே வேலையைச் செய்கின்றன. ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது அதிகம் நேர்கிறது.

அம்மாவுக்கு எந்த விதம்? மருத்துவர் உள்ளே குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு முன், ஒரு குளிர்ந்த உலோகத் தகட்டை மூக்கின் கீழே பிடித்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஆவி படிந்தது. காற்று தாராளமாகப் போய் வருகிறது. பிறகு மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நாக்கில் சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, கசப்பு என்று ஒவ்வொன்றாகச் சொட்டு வைத்தார். நான்கையும் அம்மா சரியாகச் சொன்னார். கடைசியில் கண்ணை மூடச் சொல்லி ஒரு புட்டியை மூக்கருகே நீட்டினார். அம்மா தலையாட்டினார்; ஒன்றுமில்லை. அதில் இருந்தது காப்பித் தூள். “நாக்குக்கு ஒண்ணும் ஆகல பாட்டி, மூக்குதான் லீவுல இருக்கு” என்றார் மருத்துவர். ஒன்றரை மாதக் குழப்பம் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. தட்டுச் சோதனையையும் நாக்குச் சோதனையையும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆனால் கீழே காற்று போய் வந்தாலும் மேலே அந்த மெல்லிய இடுக்கு மட்டும் அடைத்திருக்கக்கூடும். அதைக் கேமராவால்தான் பார்க்க முடியும்.

சரி, மணம் தெரியவில்லை என்றால் ருசி குறையும். பசி ஏன் குறைய வேண்டும்?

காய்ச்சல் இருக்கும் நாட்களில் பசி போவது வேறு கதை. கிருமியோடு போராடும்போது உடல் சுரக்கும் சில வேதிப்பொருள்கள் மூளையில் பசியை அடக்கி வைக்கின்றன. காய்ச்சல் விட்டதும் அதுவும் விட்டுவிடும். சளி போய் மூன்று வாரம், ஆறு வாரம் கழித்தும் தட்டைத் தள்ளுகிறார்கள் என்றால் அதற்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

வயிறு காலியானதும் வரும் கிள்ளல் வேறு, சாப்பிட வேண்டும் என்ற ஆசை வேறு. முதலாவது வயிற்றிலிருந்து வருகிறது. அது அம்மாவுக்கு இருந்தது. “பசிக்குது, ஆனா சாப்பிடத் தோணல” என்பார். இரண்டாவதைக் கிளப்புவதில் மூக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அடுப்படியில் கடுகு வெடித்துக் கறிவேப்பிலை விழும் வாசம் கூடத்துக்கு வருகிறது. உட்கார்ந்திருப்பவரின் வாயில் எச்சில் ஊறுகிறது, இரைப்பை அமிலத்தைச் சுரக்கத் தொடங்குகிறது. சோறு இன்னும் தட்டிலேயே விழவில்லை. ருஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லவ் நாய்களிடம் இதைத்தான் அளந்து காட்டினார். அவருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்தச் செரிமான ஆய்வுகளுக்காகவே. உணவைப் பார்ப்பது, முகர்வது, மெல்வது ஆகியவற்றாலேயே வயிறு பாதித் தயாராகிவிடுகிறது. மூக்கு அடங்கிய வீட்டில் இந்த முன்னறிவிப்பு வருவதில்லை. சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டால்தான் சாப்பாட்டு நேரமே தெரிகிறது. எச்சிலும் சரியாக ஊறாததால் சோறு வாயில் உலர்ந்து உருள்கிறது.

தட்டின் முன் உட்கார்ந்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. ஒவ்வொரு வாயும் அடுத்த வாயை இழுக்க வேண்டும். முதல் வாயில் மூளை எதிர்பார்த்த ரசம் வரவில்லை, இரண்டாவதிலும் வரவில்லை, அதற்குப் பிறகு கை தானாக நின்றுவிடுகிறது. மணம் அறியும் நரம்பு, ஞாபகத்தையும் உணர்ச்சியையும் பார்த்துக்கொள்ளும் பகுதிகளோடு மற்ற புலன்களைவிட நேரடியாக இணைந்திருக்கிறது. ஐம்பது வருடமாக ஒரு வீட்டின் சமையலைத் தாங்கிய ஒரு பெண்ணுக்கு, தன் கையால் வைத்த குழம்பு என்ன குழம்பு என்றே தெரியாமல் போவது சின்ன இழப்பு அல்ல. அம்மா அடுப்படிக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். அதை நான் உடம்புச் சோர்வு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் இப்படி மெலிவதில்லை. சிலர் கிடைக்காத திருப்தியைத் தேடி இனிப்பும் உப்பும் எண்ணெயும் கூட்டிக்கூட்டிச் சாப்பிட்டு எடை ஏறுகிறார்கள். வயதானவர்களோ பெரும்பாலும் மெலிகிறார்கள். அம்மா ஆறு வாரத்தில் 58 கிலோவிலிருந்து 54-க்கு வந்தார். அவருக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. ஒருநாள் காலை வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அரை இட்லியோடு எழுந்துவிட்டார். பதினோரு மணிக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. கருவியில் பார்த்தால் 62. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். மருத்துவரிடம் போகலாம் என்று முடிவெடுத்தது அன்றுதான். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மணம் போய்ச் சாப்பாடு குறைந்தால், மருந்தின் அளவைப் பற்றி உடனே மருத்துவரிடம் பேச வேண்டும். உப்பைக் கூட்டிக்கொள்ளும் இரத்தக் கொதிப்புக்காரர்களுக்கும் அதே பேச்சுத்தான்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. மணம் அறியும் நரம்பு செல்கள் ஆயுள் முழுக்கப் புதிதாக முளைக்கக் கூடியவை. சவ்வின் அடியில் இருக்கும் மூலச் செல்கள் பிரிந்து, வளர்ந்து, மெல்லிய சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியாக மூளைக்கு இழை நீட்டிச் சேர்கின்றன. இதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். வயதானால் இன்னும் மெதுவாக நடக்கும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் ஓரளவாவது திரும்புகிறது. சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகிறது. சிலருக்குத் திரும்புவதே இல்லை.

திரும்பும் வழியில் இன்னொரு தொல்லை காத்திருக்கும். புதிதாக முளைத்தவை முதலில் முழுக் கூட்டமாக எழுவதில்லை, இழைகள் இடம் மாறியும் சேர்கின்றன. அதனால் மணம் வரும், ஆனால் தப்பாக வரும். மூன்றாவது மாதம் ஒரு காலையில் அம்மா காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோய், முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார். “குப்பை எரிச்ச நாத்தம்டி.” நான் டிகாக்‌ஷனை மூன்று தரம் முகர்ந்து பார்த்தேன், நல்ல காப்பி. வெங்காயம் வதக்கினாலும் பூண்டு போட்டாலும் முட்டை பொரித்தாலும் அதே நாற்றம் என்றார். 2022-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காப்பியின் ஆவியை ஒவ்வொரு சேர்மமாகப் பிரித்து, இப்படித் தப்பு வாசனை வருகிறவர்களை முகரச் சொன்னார்கள். அவர்களை அதிகம் குமட்ட வைத்தவற்றில் முதன்மையானது, மற்றவர்களுக்கு நல்ல வறுத்த காப்பி மணமாகத் தெரியும் ஒரு கந்தகச் சேர்மம். வறுப்பது, வதக்குவது எல்லாம் இந்த வகைச் சேர்மங்களைப் பிறப்பிப்பதால், நம் சமையலில் பாதி அந்த நாட்களில் எதிரியாகிவிடுகிறது. இது பயமுறுத்தும். ஆனால் பல நேரங்களில் நரம்பு மறுபடி முளைக்கிறது என்பதன் அடையாளமும் இதுதான். அந்த நாட்களில் சூடு குறைந்த உணவு உதவும். ஆறிய உணவிலிருந்து ஆவி குறைவாகவே எழும். தாளிக்காத தயிர்ச்சோறும் ஆவியில் வெந்த இட்லியும் அம்மாவைக் காப்பாற்றின.

சிகிச்சை என்று பெரிதாக மாத்திரை எதுவும் இல்லை. நிரூபணம் ஓரளவு உள்ள வழி, மூக்குக்குப் பயிற்சி. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரின் தாமஸ் ஹும்மல் குழு 2009-இல் வெளியிட்ட முறை இது. ரோஜா, எலுமிச்சை, நீலகிரித் தைலம், கிராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். நாங்கள் நான்கு சிறிய கண்ணாடிப் புட்டிகளில் பஞ்சை வைத்து அவற்றின் எண்ணெயைச் சில சொட்டு விட்டோம். ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து விநாடி, இழுத்து உறிஞ்சாமல் மெதுவாக, அதன் வாசனை முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டு முகர வேண்டும். மனம் அங்கே இல்லாமல் புட்டியை மட்டும் நீட்டிப் பயனில்லை. முதல் வாரம் நீலகிரித் தைலத்தில் “தெரியுது” என்றார் அம்மா. அது குளிர்ச்சி, முக்கிளை நரம்பு சொன்னது, மணம் அல்ல. இந்த வித்தியாசத்தை அவருக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. தைலம் போட்டு ஆவி பிடித்தால் மூக்கு ‘திறந்தது’ போல் இருப்பதும் பெரும்பாலும் இந்தக் குளிர்ச்சிதான். சளி நாட்களில் அது இதம் தரும். செத்த நரம்பை முளைக்க வைக்காது.

செய்யக் கூடாதவை இரண்டைச் சொல்லியாக வேண்டும். அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து விட்டால், விட்ட அடைப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். பிறகு சொட்டு இல்லாமல் மூச்சே விட முடியாத நிலைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாவது, தைலத்தையோ வேறு எண்ணெயையோ மூக்குக்குள் ஊற்றுவது. மூக்கில் விடும் துத்தநாக மருந்துகளாலேயே மணம் நிரந்தரமாகப் போகலாம் என்று 2009-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அந்தச் சவ்வு அவ்வளவு மென்மையானது.

சமையலை மாற்றியதில்தான் எங்களுக்கு உடனடிப் பலன் கிடைத்தது. மூக்கு இல்லாத நாக்குக்கு என்னென்ன மிச்சம் இருக்கிறதோ அவற்றுக்குச் சமைத்தோம். உப்பைக் கூட்டாமல் எலுமிச்சையைப் பிழிந்தோம். இஞ்சி, மிளகு, புதினாவைக் கூட்டினோம். தக்காளி, காளான் இரண்டும் உமாமிக்காக. குழைந்த சோற்றுக்கு மேல் மொறுமொறுவென்று ஏதாவது ஒன்று: சுட்ட அப்பளம், வெள்ளரித் துண்டு, வறுத்த வேர்க்கடலை. குளிர்ந்த தயிர்ச்சோற்றில் மாதுளை முத்து கடிபடும்போது அம்மா முதல் முறையாக இரண்டாவது கரண்டி கேட்டார். மணம் போன வாய்க்குக் கடிபடுவதும் குளிர்வதும் உறைப்பதும்தான் பேச்சுத் துணை. அதோடு பசி எடுக்கட்டும் என்று காத்திராமல் கடிகாரம் பார்த்து, சின்னச் சின்ன வேளைகளாகக் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் இரண்டரை கிலோ திரும்பியது.

பதினான்காவது வாரம் அம்மா கூடத்திலிருந்து, “பெருங்காயம் கருகுது பாரு” என்று குரல் கொடுத்தார். அடுப்பில் உண்மையாகவே கருகிக்கொண்டிருந்தது. இப்போது கிராம்பும் எலுமிச்சையும் முழுசாக வந்துவிட்டன. ரசம் பாதி வந்திருக்கிறது என்கிறார். ரோஜா இன்னும் வரவில்லை.

சளி விட்டு மூன்று வாரம் ஆகியும் மணம் தெரியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சளியே இல்லாமல் மணம் போனாலும், ஒரு பக்கம் மட்டும் அடைத்து இரத்தம் கசிந்தாலும், தலையில் அடிபட்ட பிறகு போனாலும் காத்திருக்கவே வேண்டாம். அதுவரை ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அதில் நாறும் கந்தகப் பொருளைக் கலக்கிறார்கள், அதுவும் மூக்கை நம்பித்தான். மணம் போன ஒருவர் தனியாக இருக்கும் வீட்டில் அந்தக் காவல் இல்லை. உங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்து, சளிக்குப் பிறகு ருசியே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால், ஒருநாள் உள்ளே போய் அடுப்புக் குழாயைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு தடவை சமைத்து முடித்ததும் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடி வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.